ஆங்கிலம் பேசும்போது குறுக்கே நிற்கும் தமிழ் வாக்கியம்

வேலையிடத்தில் ஒருவர் கேட்கிறார்: "ஹேவ் யூ ஸ்டார்ட்டட்?" பதில் நம் மனதில் தமிழில் முழுசாகத் தயாராக இருக்கிறது. "நேற்று நீங்கள் அனுப்பிய ஃபைலைத் திறக்க முடியாததால் வேலையை இன்னும் ஆரம்பிக்கவில்லை." அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறக்கிறோம். "யெஸ்டர்டே..." என்று வருகிறது. "யெஸ்டர்டே யூ சென்ட்..." என்று இன்னும் கொஞ்சம் வருகிறது. "யெஸ்டர்டே யூ சென்ட் ஃபைல்... ஓப்பன்... நாட் ஓப்பன்... ஸோ..." அதற்குள் கேட்டவர் முகத்தில் ஒரு காத்திருப்பு தெரிகிறது. அதைப் பார்த்ததும் மிச்சமும் மறந்துபோகிறது.

இதில் தெரியாத வார்த்தை எதுவுமே இல்லை. ஃபைல், ஓப்பன், ஸ்டார்ட், யெஸ்டர்டே எல்லாம் தெரியும். இதே பதிலை எழுதச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் சரியாகவே எழுதிவிடுவோம். அப்படியானால் பேசும்போது மட்டும் எது தடுக்கிறது? அந்தத் தமிழ் வாக்கியத்தையே பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

நேற்று என்பதற்கு 1, நீங்கள் 2, அனுப்பிய 3, ஃபைலை 4, திறக்க 5, முடியாததால் 6, வேலையை 7, இன்னும் 8, ஆரம்பிக்கவில்லை 9 என்று எண் கொடுத்துக்கொள்ளுங்கள். இனி ஆங்கிலத்தில் இயல்பாக வரும் பதிலைப் பாருங்கள்: "ஐ ஹேவன்ட் ஸ்டார்ட்டட் தி வொர்க் யெட், பிகாஸ் ஐ குடன்ட் ஓப்பன் தி ஃபைல் யூ சென்ட் யெஸ்டர்டே." இதில் நம் எண்கள் வரும் வரிசை இப்படி: 9, 7, 8, 6, 5, 4, 2, 3, 1.

கிட்டத்தட்ட கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாக இருக்கிறது. தமிழில் கடைசியாக வாயில் வரும் 'ஆரம்பிக்கவில்லை', ஆங்கிலத்தில் முதலில் வந்தாக வேண்டும். தமிழில் முதலில் வந்த 'நேற்று', ஆங்கிலத்தில் கடைசிக்குப் போகிறது. ஆகவே வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்க்கிறவர் ஒன்பது துண்டுகளையும் மனதில் பிடித்துவைத்துக்கொண்டு, கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். மனிதர்கள் ஒரே நேரத்தில் மனதில் கையாளக்கூடிய தனித்தனித் துண்டுகள் சுமார் நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் எழுதினார். ஒன்பதைப் பிடித்துவைத்துத் திருப்பிப் போடுவது அந்த அளவுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். இதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை. யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நின்றுதான் போவார்கள்.

இதோடும் முடியவில்லை. 'ஆரம்பிக்கவில்லை' என்ற சொல்லை இன்னொரு முறை பாருங்கள். யார் ஆரம்பிக்கவில்லை? நான் ஆரம்பிக்கவில்லை, அவள் ஆரம்பிக்கவில்லை, அவர்கள் ஆரம்பிக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்தான். தமிழ் அங்கே ஆளைச் சொல்லச் சொல்லி நம்மை வற்புறுத்துவதில்லை. ஆங்கிலம் விடாது. 'ஐ' வேண்டும், அதற்கு ஏற்ற 'ஹேவன்ட்' வேண்டும், அவளாக இருந்தால் 'ஹேஸன்ட்' வேண்டும். 'முடியாததால்' என்பதிலும் அதே கதை, அங்கேயும் ஆள் இல்லை. ஆக, மொழிபெயர்க்கிறவர் இருக்கிற துண்டுகளைத் திருப்பிப் போட்டால் மட்டும் போதாது, தமிழ் வாக்கியத்தில் இல்லவே இல்லாத துண்டுகளையும் அதே விநாடியில் கண்டுபிடித்துச் செருக வேண்டும்.

எழுத்தில் இதெல்லாம் நடக்கும், ஏனென்றால் எழுத்து காத்திருக்கும். பேச்சு காத்திருக்காது. 10 மொழிகளின் இயல்பான உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஒரு ஆய்வில், ஒருவர் கேட்ட கேள்விக்கும் மற்றவர் பதிலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடி அளவில்தான் இருந்தது. கண் சிமிட்டும் நேரம். பழகிய மொழியில் பேசுகிறவர்கள் எதிராளி பேசி முடிப்பதற்குள்ளேயே தங்கள் பதிலின் முதல் துண்டைத் தயார் செய்துவிடுகிறார்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம். முழு பதிலையும் அல்ல, முதல் துண்டை மட்டும். இந்த 'முதல் துண்டு' என்ற விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஆங்கில வாக்கியத்தை மறுபடி மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். "ஐ ஹேவன்ட் ஸ்டார்ட்டட்." இங்கேயே நிறுத்தலாம், முழு வாக்கியம். "தி வொர்க் யெட்" என்று சேர்க்கலாம், அங்கேயும் நிறுத்தலாம். "பிகாஸ் ஐ குடன்ட் ஓப்பன் தி ஃபைல்." இங்கும் நிறுத்தலாம். எந்த ஃபைல் என்று சொல்லத் தோன்றினால் "யூ சென்ட்". எப்போது என்றால் "யெஸ்டர்டே". ஆங்கிலம் பேசுகிறவர் முதல் மூன்று சொல்லைச் சொல்லும்போது, வாக்கியம் எங்கே முடியப்போகிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை. யார், என்ன செய்தார் என்ற தலையை முதலில் வைத்துவிட்டு, பின்னால் ஒவ்வொரு பெட்டியாகக் கோத்துக்கொண்டே போகலாம். தமிழில் நாம் பெட்டிகளை எல்லாம் முதலில் அடுக்கி, கடைசியில் வினைச்சொல் என்ற எஞ்சினை மாட்டுகிறோம். இரண்டுமே ஓடுகிற ரயில்தான். ஆனால் ஒன்றின் கடைசிப் பெட்டியைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் எஞ்சின் ஆக்க முடியாது.

சரி, 'ஆங்கிலத்திலேயே யோசி' என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதன் பொருள்தான் என்ன? இந்த அறிவுரை பலரைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது. மனதுக்குள் ஓடுகிற தமிழையே அணைத்துவிட வேண்டும்போல எடுத்துக்கொள்கிறார்கள். பேச்சு உருவாகும் விதத்தை வில்லெம் லெவெல்ட் என்ற டச்சு உளமொழியியலாளர் 1989-இல் மூன்று கட்டங்களாக விளக்கினார். முதலில் சொல்லவேண்டிய செய்தி உருவாகிறது. அது இன்னும் வார்த்தை ஆகவில்லை. அடுத்து அந்தச் செய்திக்கு வார்த்தைகளும் இலக்கணமும் கிடைக்கின்றன. கடைசியில் வாய் ஒலிக்கிறது.

நம் உதாரணத்தில் செய்தி என்பது என்ன? வேலை தொடங்கவில்லை, காரணம் ஃபைல் திறக்கவில்லை, அது நேற்று வந்த ஃபைல். இதைத் தமிழில் எழுதிக் காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. ஆனால் மனதில் அது ஒரு நிலைமையாக, திறக்காமல் அடம்பிடித்த ஒரு திரையின் நினைவாகத்தான் இருக்கிறது. மொழிபெயர்க்கிறவர் அந்த நிலைமையிலிருந்து முதலில் ஒரு தமிழ் வாக்கியம் செய்கிறார், அப்புறம் அந்த வாக்கியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறார். நேரடியாகப் பேசுகிறவர் அந்த நிலைமையிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். விட வேண்டியது தமிழில் யோசிப்பதை அல்ல, நடுவில் ஒரு தமிழ் வாக்கியத்தைக் கட்டி முடிக்கும் அந்த ஒரு படியை.

இது நமக்கு முடியாத காரியமும் இல்லை, ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். 'எனக்குத் தெரியாது' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லுக்குச் சொல் போனால் அது 'டு மீ நாட் நோ' என்று ஏதோ ஒன்றாக முடிய வேண்டும். எனக்கு என்ற நான்காம் வேற்றுமை ஆங்கிலத்தில் 'ஐ' ஆகிறது, நடுவே 'டூ' என்ற துணைவினை நுழைகிறது, அமைப்பே வேறு. இருந்தும் யாரும் தடுமாறுவதில்லை. சுமாராக ஆங்கிலம் தெரிந்தவர்கூட "ஐ டோன்ட் நோ" என்று பட்டென்று சொல்லிவிடுகிறார். அதைத் தமிழிலிருந்து யாரும் கட்டவில்லை. முழுசாக ஒரே கட்டியாக மனதில் இருந்தது, அப்படியே வந்தது.

மொழியியலாளர்கள் பாலியும் சைடரும் 1983-இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையின் சாரமும் இதுதான். சரளமாகப் பேசுகிறவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் இலக்கண விதிகளிலிருந்து புதிதாகக் கட்டுவதில்லை. வாக்கியத் தலைகளை ஆயிரக்கணக்கில் தயாராக வைத்திருக்கிறார்கள், மிச்சத்தை மட்டும் அந்தந்த நேரத்தில் நிரப்புகிறார்கள். தாய்மொழியில் பேசுகிறவர்களுக்கே அப்படித்தான்.

அதனால் பயிற்சியை வார்த்தைப் பட்டியலிலிருந்து தொடங்குவதைவிடத் தலைகளிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். 'ஐ ஹேவன்ட் ...', 'ஐ வாஸ் அபவுட் டு ...', 'ஐ வாஸ் ட்ரையிங் டு ...', 'தேர் வாஸ் நோ ...', 'இட் டுக் மீ ...', 'டு யூ மைண்ட் இஃப் ஐ ...', 'ஐ யூஸ்ட் டு ...', இப்படி. ஒவ்வொன்றிலும் யார் என்பதும் வினையின் தொடக்கமும் ஒட்டியே இருப்பதைக் கவனியுங்கள். தமிழ் கடைசியில் வைக்கும் பாகத்தைத்தான் இவை முன்னால் கொண்டுவருகின்றன. ஒரு நாளைக்கு ஒரு தலை போதும். 'இட் டுக் மீ' என்று எடுத்தால், அன்று நிஜமாகவே நேரம் பிடித்த ஐந்தாறு காரியங்களை அதில் மாட்டிச் சொல்லுங்கள். "இட் டுக் மீ டென் மினிட்ஸ் டு ஃபைண்ட் மை கீஸ்." நிஜமாக நடந்ததைச் சொல்வது முக்கியம். நடந்தது என்றால் காட்சி மனதில் இருக்கும், காட்சியிலிருந்து நேராக வாய்க்கு வரும். பாடப்புத்தகத்தின் தமிழ் வாக்கியத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிப் பழகினால், எந்தப் படியை விட நினைக்கிறோமோ அதையே தினமும் பழக்கப்படுத்திக்கொள்கிறோம்.

என்னோடு வாரம் ஒருமுறை அமர்ந்து ஆங்கிலத்தில் பேசிப் பழகிய ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். கணக்கு வேலை பார்ப்பவர். மின்னஞ்சல் எழுதினால் பிழை இருக்காது, தொலைபேசியை எடுத்தால் தடுமாறுவார். முதல் நாள் "நேற்று உங்கள் வேலைநாள் எப்படிப் போனது?" என்று கேட்டு, இரண்டு நிமிடம் அவர் பேசியதைத் தொலைபேசியில் பதிவுசெய்தோம். பிறகு இருவரும் அதைக் கேட்டு, அவர் நின்ற இடங்களைக் காகிதத்தில் குறித்தோம். எத்தனை முறை நின்றார் என்பதைவிட எங்கே நின்றார் என்பதுதான் எனக்குத் தேவைப்பட்டது.

"யெஸ்டர்டே மார்னிங்..." என்று சொல்லி நின்றார். "யெஸ்டர்டே மார்னிங் மை மேனேஜர்..." நின்றார். "மை மேனேஜர் ஆஸ்க்ட் தட் ரிப்போர்ட்... ஐ..." மறுபடி நின்றார். நின்ற இடமெல்லாம் வாக்கியத்தின் நடுவில், அதிலும் பெரும்பாலும் வினைச்சொல்லுக்கு முன்னால். ஒரு மொழியில் பழகியவர்களும் பேசும்போது நிற்பார்கள், ஆனால் அதிகமாக ஒரு வாக்கியத் துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லையில் நிற்பார்கள். அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்கும் நிறுத்தம் அது. துண்டின் நடுவில் வினைக்கு முன் வரும் நிறுத்தம் வேறு வகை. மனதில் தயாராக இருக்கும் தமிழ் வாக்கியத்தின் கடைசிக்குப் போய் வினையை எடுத்துவரும் நேரம் அது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டும் எப்போதாவது நின்றால் அந்த வார்த்தை ஞாபகம் வரவில்லை என்று அர்த்தம், அதற்கு மருந்து வேறு. உங்கள் பதிவை நீங்களே கேட்டுப் பார்த்தால், இந்த இரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு கடினமாக இருக்காது.

அவரோடு நாங்கள் செய்த பயிற்சிக்கு மொழி ஆசிரியர்கள் மத்தியில் 4/3/2 என்று பெயர். நியூசிலாந்தின் பால் நேஷன் இதைப் பரவலாக்கினார். ஒரே விஷயத்தை முதலில் நான்கு நிமிடம் பேச வேண்டும், பிறகு வேறு ஒருவரிடம் அதையே மூன்று நிமிடத்தில், பிறகு இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில். ஆள் கிடைக்காவிட்டால் பதிவுக் கருவியிடமே பேசலாம். எழுதி வைத்துப் படிக்கக் கூடாது, குறிப்பும் கூடாது.

இது வேலை செய்வதற்குக் காரணம் உண்டு. முதல் நான்கு நிமிடத்தில் செய்தியை உருவாக்கும் வேலையும் வார்த்தை தேடும் வேலையும் சேர்ந்து நடக்கின்றன. மூன்றாவது சுற்றில் என்ன சொல்வது என்பது முடிவாகிவிட்டது, வார்த்தைகளும் ஒருமுறை வாயில் வந்து போயிருக்கின்றன. அதே சமயம் நேரம் பாதியாகிவிட்டது. தமிழ் வாக்கியம் கட்டி அதைத் திருப்பிப் போட இப்போது அவகாசமே இல்லை. செய்தியிலிருந்து நேராகப் போவதைத் தவிர வேறு வழி கிடைக்காது. டி யோங், பெர்ஃபெட்டி என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஒரே விஷயத்தைத் திரும்பப் பேசியவர்களுக்குக் கிடைத்த சரளம் பிறகு புதிய விஷயங்களைப் பேசும்போதும் நீடித்தது. ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு விஷயம் பேசியவர்களுக்கு அப்படி நீடிக்கவில்லை. ஆகவே தினம் ஒரு புதுத் தலைப்பு என்று ஓடுவதைவிட ஒன்றையே மூன்று முறை பேசுவது மேல்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. தவறையும் மூன்று முறை சொன்னால் அதுவும் கெட்டியாகிவிடும். அவர் "மை மேனேஜர் ஆஸ்க்ட் தட் ரிப்போர்ட்" என்றார். அறிக்கையைக் கேட்டார் என்ற தமிழ் வாக்கியத்தில் வேறு சொல்லுக்கு இடமில்லை, அதனால் 'ஃபார்' விழுந்துவிட்டது. முதல் சுற்று முடிந்ததும் பதிவைக் கேட்டு, இப்படி ஒன்றோ இரண்டோ இடத்தை மட்டும் திருத்திக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போனோம். "ஆஸ்க்ட் மீ ஃபார் தி ரிப்போர்ட்" என்பதை முழுக் கட்டியாகவே நாலைந்து முறை சொல்லிப் பார்த்தார். பத்துத் தவறையும் ஒரே நாளில் திருத்தினால் பேசுகிறவர் மறுபடி இலக்கணத்தைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்துவிடுவார், பயிற்சியின் நோக்கமே போய்விடும்.

தடுமாற்றமே இல்லாமல் வேகமாகப் பேசுவதால் மட்டும் நேரடியாக யோசிக்கிறோம் என்று சொல்லிவிடவும் முடியாது. "டுமாரோ ஒன்லி ஹீ ஈஸ் கமிங்" என்று மின்னல் வேகத்தில் சொல்லலாம். ஆனால் அது 'நாளைக்குத்தான் வருகிறார்' என்ற வாக்கியத்தின் அப்பட்டமான எலும்புக்கூடு, 'தான்' இருந்த இடத்தில் 'ஒன்லி' உட்கார்ந்திருக்கிறது. நமக்குள் பேசும்போது இது புரியும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியே ஒருவரிடம் பேசும்போது அதே செய்தி "ஹீ வோன்ட் பீ ஹியர் டில் டுமாரோ" என்று வரும். கவனித்தால், தமிழில் 'வருகிறார்' என்று உடன்பாடாக இருப்பது இங்கே 'இருக்க மாட்டார்' என்று எதிர்மறையாகிவிட்டது. சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இடத்துக்கு ஒருநாளும் வந்து சேர முடியாது. நாளைக்கு முன்னால் அவர் இல்லை என்ற நிலைமையைப் பார்த்தால் வந்துவிடலாம்.

பேச்சின் நடுவே மாட்டிக்கொள்ளும்போதும் இதே வழிதான் கைகொடுக்கும். 'நீங்கள் எத்தனாவது பிள்ளை?' என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த புதிர். அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு நிற்பவர் அங்கேயே நிற்பார். உண்மையில் எனக்கு என்ன தெரிய வேண்டும் என்று ஒரு படி பின்னால் போனால், "ஆர் யூ தி ஓல்டஸ்ட்?" என்று கேட்கலாம், "ஹௌ மெனி ஆர் ஓல்டர் தேன் யூ?" என்றும் கேட்கலாம். தமிழ்க் கேள்வியைப் பெயர்க்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்டுவிட்டோம். வார்த்தை வராத ஒவ்வொரு இடத்திலும் தமிழ்ச் சொல்லுக்குத் திரும்பாமல் செய்திக்குத் திரும்புவதைப் பழக்கமாக்கிக்கொண்டால், நிற்கும் நேரம் நன்றாகவே குறைகிறது.

எல்லாவற்றையும் இப்படி மாற்ற முடியுமா என்றால், இல்லை. இரண்டு மொழி தெரிந்தவர் ஒன்றில் பேசும்போது மற்றதும் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும், எவ்வளவு தேர்ந்தவருக்கும் அப்படித்தான். மனக்கணக்கு பலருக்குக் கடைசிவரை சிறுவயதில் வாய்ப்பாடு படித்த மொழியிலேயே நடக்கும், அதை மாற்ற மெனக்கெட வேண்டாம். தொடக்க நிலையில், தலைகளே கையில் இல்லாதபோது, மொழிபெயர்ப்பைத் தவிர வேறு வழியும் கிடையாது. நன்றாகப் பழகிய விஷயத்தில் நேரடியாகப் பேசுகிறவர்கூடப் பழக்கமில்லாத விஷயத்துக்குப் போனால் மறுபடி தமிழ் வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வார். ஆகவே இது ஒரே நாளில் நடக்கும் மாற்றம் இல்லை. ஒவ்வொரு விஷயமாக, ஒவ்வொரு தலையாகத்தான் நடக்கும்.

அந்தக் கணக்கு வேலைக்காரரின் குரலை மூன்று மாதம் கழித்து மறுபடி பதிவுசெய்தோம். அதே கேள்வி, அதே இரண்டு நிமிடம். நிறுத்தங்கள் மறைந்துவிடவில்லை, எண்ணிப் பார்த்தால் குறைந்ததும் கொஞ்சம்தான். ஆனால் காகிதத்தில் குறித்தபோது அவை இடம் மாறியிருந்தன. "ஐ குடன்ட் ஃபினிஷ் தி ரிப்போர்ட் பிகாஸ்..." என்று ஒரே மூச்சில் வந்து, 'பிகாஸ்' என்பதற்குப் பிறகு நின்றார். தலை போய்ச் சேர்ந்துவிட்டது, அடுத்த பெட்டியில் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.